மடிப்பாக்கம் ஃபிளாட் விளம்பரம்: எந்தப் பரப்பளவை முதலில் எழுதுவது?

வணக்கம். மடிப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று மறுவிற்பனைக்கு வந்திருக்கிறது. உரிமையாளர் 1,050 சதுர அடி என்று போடச் சொல்கிறார். அது படிக்கட்டு, லிஃப்ட், பொது நடைபாதை ஆகியவற்றின் பங்கையும் சேர்த்த கணக்கு. அளந்து பார்த்தேன், உள்ளே புழங்கும் இடம் 780தான். வாங்குபவர் கட்டில் போடப்போவது அதற்குள்தானே! அதையே முதல் வரியில், மனையில் இந்த ஃபிளாட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கான யுடிஎஸ் அளவோடு எழுத விரும்புகிறேன். ஆனால் மற்ற விளம்பரங்கள் பெரிய எண்ணையே காட்டுவதால், சதுர அடிக் கணக்கில் இந்த வீடு மட்டும் விலை கூடியதாகத் தெரியும். இரண்டு எண்களையும் நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?

தெருமுனையிலிருந்து சமையலறை வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துவிட்டேன். படங்களில்தான் சிக்கல். 0.5x வைத்தால் சின்ன அறை கூடம்போல் விரிகிறது. 1x வைத்தால் பாதி அறைதான் தெரிகிறது. 1x படங்களை எதிரெதிர் மூலைகளிலிருந்து எடுத்து, அறையின் நீள அகலத்தைப் படத்திலேயே எழுதினால் போதுமா?