காயவைத்தும் ஃப்ரீசரில் வைத்தும் பச்சைப்பயறில் வண்டு

வணக்கம். திருவாரூர் பக்கம். ஏப்ரலில் வயலில் எடுத்த பச்சைப்பயறு 12 கிலோ, சமையலுக்கு மட்டும், விதைக்கு இல்லை. மொட்டை மாடியில் பழைய புடவை விரித்து 2 நாள் காயவைத்து டிரம்மில் போட்டேன். நாலு விரல் கனத்துக்குப் பரப்பியது என் தப்பு. மேலே கை சுட்டது, அடியில் வெதுவெதுப்புதான்.

25 நாளில் வண்டு. சலித்து எடுத்துவிட்டு, மறுபடி ஒரு நாள் வெயிலில் மெல்லிசாகப் பரப்பினேன். வண்டுகள் பறந்தன, ஆனால் பயறின் தோலில் வெள்ளைப் புள்ளிகள் அப்படியே ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்டிப் பார்த்தால், சில புள்ளிகளுக்கு அடியில் ஊசிமுனை அளவு துளை. அதாவது முட்டை பொரிந்து புழு உள்ளே போய்விட்டது.

பிறகு 2 கிலோ பையாக ஃப்ரீசரில் 2 நாள் வைத்தேன். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், 190 லிட்டர். ஐஸ்கிரீம்கூட இதில் கெட்டியாக நிற்காது, ஆக மைனஸ் 18 டிகிரி இருக்க வாய்ப்பில்லை. பையின் நடுப்பகுதி எவ்வளவு குளிர்ந்ததோ! எடுத்த உடனே பையைத் திறந்ததில் பயறு வியர்த்து ஈரமானது வேறு; மறுபடி உலர்த்தினேன். மூணு வாரம் கழித்து அந்தப் பையிலும் புது வண்டு, பயறில் வட்ட ஓட்டை.

இன்னும் 7 கிலோ மிச்சம். இதே ஃப்ரீசரில் அரைக் கிலோ பொட்டலமாகத் தட்டையாக வைத்தால், உள்ளிருக்கும் புழுவும் சாக எத்தனை நாள் விட வேண்டும்?