ஹீமோகுளோபின் 12.8, ஃபெரிட்டின் 11: இரும்பு மாத்திரை எடுத்த அனுபவம்

வெண்பா:
போன வருடம் முழுக்கக் காலையில் எழும்போதே களைப்பு. தலைக்குக் குளித்தால் கை நிறைய முடி. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.8. ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவர், உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்கச் சொன்னார். 11தான். உடம்பு முதலில் சேமிப்பைத்தான் கரைக்குமாம், அது தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்குமாம்.

65 மி.கி. இரும்பு உள்ள மாத்திரை, தினம் ஒன்று. இரண்டாவது வாரமே மலச்சிக்கல், குமட்டல். நிறுத்திவிட்டேன். திரும்பப் போனபோது ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் என்றார். வயிறு ஒத்துக்கொண்டது. ஆறாவது வாரத்தில் மாடிப்படியில் பாதியில் நிற்காமல் ஏறினேன். மூன்று மாதத்தில் ஃபெரிட்டின் 28. முடி மட்டும் இன்னும் கொட்டுகிறது. அதற்கும் இரும்பு உதவியது என்று யாராவது சொல்ல முடியுமா?

கயல்:
எனக்கு உதவியது. 70 வந்தால்தான் கொட்டுவது நிற்கும் என்றார்கள், 70 வந்தது, நின்றது. காலை ஒன்று, இரவு ஒன்று எடுங்கள், சீக்கிரம் ஏறும்.

முருகேசன்:
என் ஃபெரிட்டின் 400. எனக்கும் எப்போதும் களைப்புதான். நானும் மாத்திரை தொடங்கலாமா?

இளமாறன் (மருந்தாளுநர்):
முருகேசன் அண்ணா, வேண்டவே வேண்டாம். உடம்பில் அழற்சியோ கல்லீரலில் கொழுப்போ இருந்தாலும் ஃபெரிட்டின் ஏறும். உங்களுக்குத் தேடவேண்டிய காரணம் வேறு, மருத்துவரைப் பாருங்கள்.

கயல், இரண்டாகப் பிரித்து எடுத்தால் இரண்டாவது மாத்திரையில் பெரிய லாபம் இல்லை. ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். மிச்சம் வயிற்றைத்தான் படுத்தும். ஒருநாள் இடைவெளி விடச் சொல்வது அதனால்தான்.

ரத்தசோகை இல்லாத, ஃபெரிட்டின் 50க்குக் கீழே உள்ள பெண்களுக்குக் களைப்பு குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். முடிக்கு அந்த அளவு உறுதி கிடையாது, 70 என்ற எண்ணும் அப்படித்தான். காய்ச்சலோ மன அழுத்தமோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், பல பேருக்கு ஆறு மாதத்தில் தானாகவே நிற்கும். உங்களுக்கு நின்றது இரும்பினாலா, காலத்தினாலா என்று பிரிப்பது கஷ்டம்.

வெண்பா, தைராய்டு பார்த்தீர்களா? அதைவிட முக்கியம், இரும்பு எந்த வழியாகப் போகிறது என்று யாராவது கேட்டார்களா?

கயல்:
எனக்கு நின்றது நிஜம். காரணம் எதுவாக இருந்தாலும் சரி.

வெண்பா:
தைராய்டு சரியாக இருக்கிறது. மற்றதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாதவிடாய் எட்டு நாள், முதல் மூன்று நாள் இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கிறேன். மாத்திரையை இன்னும் மூன்று மாதம் தொடரப்போகிறேன். முடி என்ன ஆகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.