டிஸ்பிளே டிவியில் கீறல்: என்ன விலை சொல்வது, பில்லில் என்ன எழுதுவது?

செல்வம் (கேள்வி):
கடையில் 13 மாதமாக ஓடிய 43 இன்ச் எல்இடி டிவியை விற்க வேண்டும். திரையின் வலது கீழ் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். படம் ஓடும்போது தெரியாது, அணைத்தால் தெரிகிறது. வாங்கி வைத்தபோது அதன் விலை 31,000. கீறலுக்கு 3,000 கழித்து 28,000 சொல்லலாமா?

பாபு:
டூத்பேஸ்ட் வைத்துத் தேயுங்கள், போய்விடும். பில்லில் 'டிஸ்பிளே பீஸ்' என்று போட்டுவிட்டால் போதும், அப்புறம் யாரும் கேட்க முடியாது.

ரஹீம், டிவி சர்வீஸ்:
பாபு, திரையில் தேய்க்கச் சொல்லாதீர்கள். மேலே இருக்கும் மங்கலான பூச்சு தேய்ந்து, அந்த இடம் மட்டும் எண்ணெய் பட்டது மாதிரி பளபளக்கும். கீறலாவது கோடு, இது திட்டு.

செல்வம், இப்போது அதே மாடல் புதுசு என்ன விலை?

செல்வம்:
26,500.

ரஹீம், டிவி சர்வீஸ்:
அப்படியானால் 28,000-க்கு யார் வாங்குவார்கள்? கணக்கை 26,500-இல் தொடங்குங்கள். உங்களுக்குப் பெரிய நஷ்டம் கீறல் இல்லை, ஓடிய நேரம். தினம் 10 மணி நேரம் என்றாலே கிட்டத்தட்ட 4,000 மணி நேரம். தினம் 5 மணி நேரம் பார்க்கும் வீட்டில் அது இரண்டு வருடத்துக்கு மேல். அதுவும் ஸ்டோர் மோடில் முழு வெளிச்சத்தில் ஓடியிருக்கும், பேக்லைட் அதில்தான் களைக்கும்.

பென் டிரைவில் வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஓரம் கறுத்தோ, நடுவில் மஞ்சளாகவோ திட்டு இல்லையென்றால், நானாக இருந்தால் ஓட்டத்துக்கு 6,000, கீறலுக்கு 1,500 கழித்து 19,000 சொல்வேன். படம் ஓடும்போதும் கீறல் தெரிந்திருந்தால் இன்னும் நிறையக் கழிக்க வேண்டும்.

கவிதா:
நான் டிஸ்பிளே செல்போன் வாங்கினேன். கடையில் முதலில் ஆன் செய்த தேதியிலிருந்தே வாரண்டி ஓடியிருந்தது. ஏழு மாதம் போச்சு, கடைக்காரர் வாயே திறக்கவில்லை. டிவிக்கும் இப்படித்தானா?

செல்வம்:
சாம்பல் படம் போட்டேன், திட்டு எதுவும் இல்லை. பில்லில் என்ன எழுதட்டும்?

ரஹீம், டிவி சர்வீஸ்:
'டிஸ்பிளே பீஸ்' என்று மட்டும் போட்டால், கீறல் வீட்டுக்கு வந்தபிறகு விழுந்ததா, முன்பே இருந்ததா என்று சண்டை வரும். இப்படி எழுதுங்கள்: "13 மாதம் கடையில் ஓடியது. திரை வலது கீழ் மூலையில் 6 செ.மீ. கீறல், அணைத்த நிலையில் தெரியும். வாங்குபவர் பார்த்தார்." அளவை ஸ்கேல் வைத்துப் பார்த்துப் போடுங்கள், பக்கத்தில் கையெழுத்தும் வாங்குங்கள். டிவியை அணைத்து, லைட்டுக்கு நேரே திருப்பி அவரிடமே காட்டுங்கள். பழசைப் புதுசென்று விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம்.

கவிதா கேட்டது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செல்வம், டிஸ்ட்ரிபியூட்டரிடம் சீரியல் நம்பர் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

செல்வம்:
கேட்டேன். 'பில் தேதியிலிருந்து ஒரு வருடம்' என்று வாயால்தான் சொல்கிறார், எழுதித் தர மாட்டேன் என்கிறார்.

பாபு:
அப்போ வாரண்டி இல்லை என்றே சொல்லி 17,500-க்குத் தள்ளிவிடுங்கள்.