மணி விளையாட்டில் பச்சை ஏன் குறைகிறது?

கோத்தகிரி ஆசிரியை: பச்சை இலை அச்சிட்ட துணியில் ஐந்து நிற மணிகளைப் பரப்பி, பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பறவைகளாக்கி இயற்கைத் தேர்வை விளையாட வைத்தேன். நான்கு தலைமுறைக்குப் பின்னும் நிறங்கள் ஏறக்குறைய சமமாகவே உள்ளன. பச்சை மட்டும் சற்றுக் குறைந்துள்ளது. நாளை அடுத்த பிரிவுக்கு வகுப்பு. என்ன செய்யலாம்?

குன்னூர் வாசகர்: எத்தனை மணிகள், எத்தனை எடுக்கப்பட்டன, எப்படி நிரப்பினீர்கள் என்று சொன்னால்தான் பேச முடியும், டீச்சர்.

உதகை 58: மூடுபனிதான் காரணம். மங்கலான வெளிச்சத்தில் சிவப்பு கருமையாகித் தப்பிவிடும். சன்னலோரம் விளையாடுங்கள்.

பழைய உறுப்பினர்: சோதனையை வகுக்கத் தெரியாமல் மணியைக் குறை சொல்வது இங்கே வழக்கமாகிவிட்டது.

கோத்தகிரி ஆசிரியை: நிறத்துக்கு 20 வீதம் 100 கண்ணாடி மணிகள். ஆறு பேர் ஆளுக்கு ஐந்து எடுப்பார்கள். பிறகு நிறத்துக்கு ஆறு வீதம் போட்டு 100 ஆக்குவேன்.

கொடைக்கானல் விலங்கியல்: சிக்கல் அங்கேதான். சிவப்பில் பத்து பறிபோனாலும் ஆறு திரும்பி வந்துவிடுவதால், தப்பியவை எவை என்பது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவே இல்லை. துணியில் 25 மிஞ்சும்வரை எடுக்கச் சொல்லுங்கள். பின்பு தப்பிய ஒவ்வொரு மணிக்கும் அதே நிறத்தில் மூன்று சேருங்கள். பச்சை 9, பழுப்பு 7, மஞ்சள் 4, சிவப்பு 3, வெள்ளை 2 தப்பினால், அடுத்த சுற்று 36, 28, 16, 12, 8 என்று தொடங்கும். ஒவ்வொரு மணியை எடுத்த பின்னும் மாணவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இல்லையெனில் கை துழாவிக் கிடைத்ததை அள்ளும், கண்ணுக்கு வேலையிராது.

பச்சை குறைவது தனிக் கதை. அதே மணிகளை வேறு நிறத் துணியிலும் பரப்பிப் பாருங்கள். அங்கும் பச்சையே முதலில் போனால், பளபளப்போ அளவோ காட்டிக்கொடுக்கிறது என்று கொள்ளலாம்.

உதகை 58: பனியை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே?

கொடைக்கானல் விலங்கியல்: வெளிச்சமும் முடிவை மாற்றும் ஐயா, ஆனால் நிரப்பும் முறை இப்படியே இருந்தால் நல்ல வெயிலிலும் விளையாட்டு ஓடாது.

பழனி மலை அம்மா: என் மாணவர்கள், மணிகள் ஒளியக் கற்றுக்கொண்டன என்று எழுதுகிறார்கள். நடுவில் புதிய நிறமாக ஒரு மணியைப் போடலாமா?

பழைய உறுப்பினர்: போட்டால், தேவைப்பட்டதால் புது நிறம் வந்தது என்றே எழுதுவார்கள்.

பழனி மலை அம்மா: போடாவிட்டால் வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்களே. எந்த நிறம் என்பதைச் சீட்டுக் குலுக்கி, துணிக்குப் பொருந்தாததும் வரும்படி விடலாம்.

பழைய உறுப்பினர்: ஒரு பாடவேளைக்குள் அதற்கு நேரம் இருக்காது.

கோத்தகிரி ஆசிரியை: தப்பியவற்றுக்கு மூன்று வீதம் சேர்த்ததும் வெள்ளை மூன்றாம் சுற்றிலேயே மறைந்தது. சிவப்புத் துணியிலும் பச்சை முதலில் போகிறது. அம்மணிகள் சற்றுப் பெரியவை. வேறு வாங்க வேண்டும்.