டைக்ளோஃபினாக் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகிறது: சி18 கார்ட்ரிட்ஜில் என்ன தவறு?

ஏரிக்கரை:
ஏரி நீரில் டைக்ளோஃபினாக் அளக்க முறை ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் வெறும் சுத்த நீரில் சோதனை. 500 மி.லி. நீரில் 5 மைக்ரோகிராம் சேர்த்தேன். 500 மி.கி. சி18 கார்ட்ரிட்ஜை மெத்தனால், நீர் என்று நனைத்து, நீர் முழுவதையும் இழுத்தேன். பிறகு மெத்தனாலில் இறக்கி, நைட்ரஜனில் உலர்த்தி, 1 மி.லி. ஆக்கி எச்.பி.எல்.சி.யில் ஏற்றினேன். 5 வர வேண்டிய இடத்தில் 1.6 தான் வருகிறது. மூன்று முறையும் இதே கதி. நீரின் பி.எச். 7.

மேசைஓரம்:
மெத்தனால் போதவில்லை போல. 3 மி.லி. வீதம் இரண்டு தடவை விட்டுப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

பழையகை:
ஊறவிடுவது நல்ல பழக்கம்தான், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு அதனால் போகாது. பொருள் கார்ட்ரிட்ஜில் தங்கியதா என்பதையே முதலில் பாருங்கள். வடிந்து வந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். 2.5க்குக் கொண்டுவந்து, புதிய கார்ட்ரிட்ஜில் இழுங்கள். டைக்ளோஃபினாக் அமிலம்; அதன் பி.கே.ஏ. 4 பக்கம். பி.எச். 7இல் அநேகமாக எல்லாமே அயனியாக இருக்கும். சி18 அதைக் கொஞ்ச நேரம்தான் பிடிக்கும், அரை லிட்டர் ஓடுவதற்குள் நழுவிவிடும். இழுக்க எவ்வளவு நேரம் ஆகிறது?

ஏரிக்கரை:
பதினைந்து நிமிடம், சார்.

பழையகை:
அப்படியானால் நிமிடத்துக்கு 33 மி.லி. ரொம்ப வேகம். வெற்றிடத்தைக் குறைத்து 5 முதல் 10 மி.லி.க்குள் வையுங்கள். பி.எச். 2க்குக் கீழே மட்டும் போகாதீர்கள், சிலிக்காவில் ஒட்டியிருக்கும் சி18 கழன்றுவரும்.

மாதிரிக்குப்பி:
எனக்கும் இதே பிரச்சினை. சிறுநீரில் ஆம்ஃபெட்டமின் பார்க்கிறேன். நானும் அமிலம் சேர்த்து சி18இல் இழுக்கட்டுமா?

பழையகை:
வேண்டாம். அது காரம், அமிலத்தில் அயனியாகி இன்னும் மோசமாக நழுவும். அதற்கு நேர் அயனியைப் பிடிக்கும் கலப்பு வகைக் கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள். அமிலத்தில் ஏற்றி, அமோனியா கலந்த மெத்தனாலில் இறக்க வேண்டும். இன்னொன்று, ஆம்ஃபெட்டமின் எளிதில் ஆவியாகும். உலர்த்தும் முன் அமிலம் கலந்த மெத்தனால் சில சொட்டு விடுங்கள், உப்பாகித் தங்கிவிடும்.

ஏரிக்கரை:
சார், வடிந்த நீரில் 3 மைக்ரோகிராம் கிடைத்தது! முதலிலேயே பி.எச். 2.5 ஆக்கி, மெதுவாக இழுத்ததில் சுத்த நீரில் 4.5 வந்துவிட்டது. ஆனால் ஏரி நீரில் 3.2 தான். இறக்கிய மெத்தனால் தேநீர் நிறத்தில் இருக்கிறது. குரோமட்டோகிராமில் பெரிய மேடு ஒன்று, அதன் சரிவில்தான் என் பீக் உட்கார்ந்திருக்கிறது.

பழையகை:
ஹ்யூமிக் அமிலம். அமிலம் சேர்த்தால் அதுவும் கூடவே ஒட்டிக்கொள்ளும். பொருள் சேர்க்காத ஏரி நீரை இதே போல இழுத்து, இறக்கிய மெத்தனாலில் 5 மைக்ரோகிராம் சேர்த்து ஏற்றுங்கள். அதிலும் குறைவாக வந்தால் இழப்பு கார்ட்ரிட்ஜில் இல்லை, பீக்கை அளப்பதில். முழுதாக வந்தால் வழியில் எங்கோ போகிறது. வடிகட்டுவதற்கு முன் சேர்த்தீர்களா, பின்னாலா?

ஏரிக்கரை:
முன்னால்தான். வடிதாளில் சேறு நிறைய நின்றது. நாளைக்கு இரண்டு விதமாகவும் செய்து எண்களைப் போடுகிறேன்.