ஊருக்கு ஒரேயடியாகத் திரும்பும்போது நகை: கிரீன் சேனலா, ரெட் சேனலா?

தஞ்சை மகேஷ்: ஒன்பது வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வரும் 2026 மே மாதம் ஒரேயடியாகத் திருச்சிக்கு வருகிறோம். மனைவி என்னோடு ஆறு வருடமாக இங்கே இருக்கிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த தாலிக்கொடி, வளையல் எல்லாம் 7 பவுன். இங்கே வாங்கியது 15 பவுன், அதில் 3 பவுன் கல் வைத்த நெக்லஸ். என் கழுத்தில் 3 பவுன் செயின் ஒன்று, அதுவும் இங்கே வாங்கியதுதான். இங்கே வாங்கிய எல்லாவற்றுக்கும் பில் என் பெயரில் இருக்கிறது. மனைவி ஜனவரி கடைசியில் அவர் அம்மா ஆபரேஷனுக்காக ஊருக்குப் போய் 50 நாள் இருந்துவிட்டு மார்ச் மாதம் திரும்பினார். எவ்வளவு வரி வரும்? சிலர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நேராக வெளியே வந்துவிடு என்கிறார்கள்.

கீழக்கரை ஜமால்: தம்பி, நானும் சவுதியிலிருந்து வந்தவன்தான். லேடீஸுக்கு ஒரு லட்சம், ஜென்ட்ஸுக்கு ஐம்பதாயிரம், அதுதான் லிமிட். இன்னிக்கு விலைக்கு ரெண்டு பவுன் வாங்கினாலே தாண்டிடும், அந்த லிமிட்டுக்கு அர்த்தமே இல்லை. அதனால யாரும் அதைப் பார்க்கிறதில்லை. வீட்டுக்காரம்மா உடம்புல போட்டுக்கிட்டு, கஸ்டம்ஸ்ல எதுவும் சொல்லாம கிரீன் சேனல்ல வந்துடுங்க. குடும்பத்தோட வர்றவங்களை நிறுத்த மாட்டாங்க.

மண்ணடி கண்ணன்: ஜமால் பாய் சொல்வது 2016 விதி. அது இப்போது இல்லை. 2026 பிப்ரவரி 2 முதல் புதிய கஸ்டம்ஸ் பேக்கேஜ் விதி நடைமுறையில் இருக்கிறது, அதில் ரூபாய் வரம்பை எடுத்துவிட்டார்கள். எடை மட்டும்தான்: ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெண்ணுக்கு 40 கிராம் நகை, மற்றவர்களுக்கு 20 கிராம், வரி இல்லாமல். பவுனில் சொன்னால் ஐந்து பவுன், இரண்டரை பவுன்.

மகேஷ், உங்கள் விஷயத்தில் சிக்கல் அங்கே இல்லை, மனைவி ஊருக்கு வந்துபோன அந்த 50 நாளில் இருக்கிறது. அதை நீங்களே எழுதியது நல்லதாகப் போயிற்று.

இலவச அளவுக்கு மேல் இருக்கும் தங்கத்துக்குச் சலுகை வரி உண்டு. 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு தகுதி வேண்டும்: குறைந்தது ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வர வேண்டும். அந்த ஆறு மாதத்துக்குள் ஊருக்கு வந்துபோயிருந்தால், வந்த நாட்கள் மொத்தம் முப்பதைத் தாண்டக் கூடாது. உங்கள் மனைவி மே மாதம் வந்தால் 50 நாள் அந்த ஆறு மாதத்துக்குள் விழும். அவருக்கு 6 சதவீதம் கிடைக்காது, 38.5 சதவீதம். ஆறு வருடம் அங்கே இருந்தார் என்பது இதில் கணக்கில் வராது.

தஞ்சை மகேஷ்: அப்படியானால் நாங்கள் சேர்ந்து வந்தால் இருவரின் இலவச அளவையும் கூட்டி ஏழரை பவுன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மண்ணடி கண்ணன்: கூட்ட முடியாது. ஒவ்வொரு பயணிக்கும் அவரவர் அளவுதான். ஆனால் உங்கள் பில் உங்கள் பெயரில் இருப்பது பெரிய விஷயம். நீங்கள் ஆறு மாதம் முழுக்க அங்கே இருந்திருக்கிறீர்கள், சலுகை வரிக்குத் தகுதி உள்ளவர் நீங்கள்தான். எப்படிப் பிரிப்பது என்று பாருங்கள்.

சலுகை வரி கல், முத்து பதித்த நகைக்குக் கிடையாது. ஆனால் 40 கிராம் இலவசத்தில் கல் நகை கூடாது என்று எதுவும் இல்லை. அதனால் கல் நெக்லஸ் 24 கிராமை மனைவியின் இலவசத்தில் வையுங்கள். மீதி 16 கிராமுக்கு, அங்கே வாங்கிய சாதா நகையில் இரண்டு பவுன். 40 சரியாகிவிட்டது. இனி 10 பவுன், அதாவது 80 கிராம் சாதா நகை. அதை உங்கள் பெயரில், உங்கள் பில்லோடு, உங்கள் பையில் கொண்டுவந்து, வரி கட்ட வேண்டியவர்கள் போகும் ரெட் சேனலில் நீங்களே சொல்லுங்கள். உங்கள் செயின் 24 கிராமில் 20 இலவசம், 4 மிச்சம். மொத்தம் 84 கிராமுக்கு 6 சதவீதம்.

கணக்குக்காகக் கிராம் பத்தாயிரம் என்று வைத்துக்கொண்டால் 8,40,000 மதிப்பு, வரி 50,400. அதே 80 கிராமை மனைவியின் பெயரில் சொன்னால் 8,00,000 மீது 38.5 சதவீதம், 3,08,000. நகை அதே நகைதான், கொண்டுவருபவர் மாறுவதால் வரும் வித்தியாசம் இது. மதிப்பு உங்கள் பில்லில் இருக்கும் தொகை இல்லை. அரசு பதினைந்து நாளுக்கு ஒருமுறை தங்கத்துக்கு அறிவிக்கும் மதிப்பை வைத்து, டாலர் விலையை மாற்றிப் போடுவார்கள். கடைக்குக் கொடுத்த செய்கூலியை அதில் தேடாதீர்கள்.

இன்னொன்று: இந்தச் சலுகை வரியை வெளிநாட்டுப் பணத்தில் கட்ட வேண்டும். கிளம்பும் முன்பு எல்லா திர்ஹமையும் மாற்றிவிடாமல் வரித்தொகைக்கு ஏற்பக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரை ஜமால்: சரி கண்ணன், லிமிட் மாறியது எனக்குத் தெரியாது, நன்றி. ஆனா ஐம்பதாயிரம் கொடுத்துட்டு வரிசையில நிக்கணுமா? எத்தனை பேர் போட்டுக்கிட்டு வர்றாங்க! உடம்புல போட்ட நகைக்கு வரி இல்லைன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டே சொல்லிடுச்சே, இலங்கைப் பொண்ணு கேஸ்ல.

இளவரசி: ஜமால் அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. 2025-ல் வந்த அந்தத் தீர்ப்பில் ஒரு பெண்ணின் 88 கிராம் தாலிச் சங்கிலி கழுத்திலிருந்து எடுக்கப்பட்டது. பையில் கொண்டுவருவதற்குப் போட்ட விதியை, உடம்பில் அணிந்திருப்பதற்கு நீட்ட முடியாது என்றார் நீதிபதி. டெல்லி உயர் நீதிமன்றமும் பயன்படுத்திய சொந்த நகையைக் கடத்தல் பொருள்போல் பார்க்கக் கூடாது என்று பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஒரு பெண் ஆறு வருடம் அணிந்த வளையலை, கடையில் நேற்று வாங்கிய பிஸ்கட்டோடு சேர்த்து எடை போடுவது அநீதி. மகேஷ் அண்ணா, உங்கள் மனைவியின் 7 பவுன் ஊரிலிருந்து கொண்டுபோனது. அதற்கு ஏன் நீங்கள் பயப்பட வேண்டும்?

புதுக்கோட்டை செல்வி: நான் குவைத்தில் நர்ஸ். கிரீன் சேனலில் போன என்னை நிறுத்தினார்கள். கையில் ஆறு வளையல், ஒரு ஆரம். பில் இருக்கிறது என்றேன், வீட்டு அலமாரியில். மதிப்பீட்டாளர் வந்து ஒவ்வொரு வளையலையும் உரசிப் பார்த்து எடை போட்டார். இரவு முழுக்க அங்கேதான். கடைசியில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், நோட்டீஸ் வேண்டாம் என்று அதில் இருந்ததை நான் படிக்கவே இல்லை. அப்புறம் அபராதமும் மீட்புத் தொகையும் கட்டி எடுத்தேன். முதலிலேயே சொல்லியிருந்தால் வரி மட்டும்தான் கட்டியிருப்பேன்.

இளவரசி: செல்வி அக்கா, அந்தத் தாளைத்தான் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பறிமுதல் செய்யும் முன் காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும், முன்னாலேயே அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கி அதைத் தவிர்க்க முடியாது. நோட்டீஸ் ஆறு மாதத்துக்குள் வராவிட்டால், நீட்டிப்பும் செய்யாவிட்டால், பொருளைத் திருப்பித் தர வேண்டும். அப்படித் திரும்பப் பெற்றவர்கள் உண்டு.

மண்ணடி கண்ணன்: இளவரசி, சட்டம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் அந்தத் தீர்ப்புகள் எல்லாம் நகை பிடிபட்ட பிறகு வந்தவை. மகேஷ் கேட்பது சிக்கலில்லாமல் வீட்டுக்குப் போவதற்கு. சென்னைத் தீர்ப்பு ஒரு தனி நீதிபதி தந்தது, அந்தப் பெண் இலங்கைப் பயணி. அதை நம்பிக் கிரீன் சேனலில் நடந்து, மாட்டிக்கொண்டு, பிறகு ரிட் போட்டு வெல்லலாம். அதுவரை நகை கஸ்டம்ஸ் லாக்கரில். செல்விக்கு நடந்ததும் அதுதான், அவர் வழக்குப் போகாமல் கட்டிவிட்டார். கிரீன் சேனலில் நுழைந்தாலே "வரி கட்ட வேண்டியது எதுவும் என்னிடம் இல்லை" என்று சொன்னதாக ஆகிவிடும். அங்கே பிடிபட்டபின் பில்லைக் காட்டினாலும் சலுகை கேட்க வழி மிகக் குறுகிவிடும்.

தஞ்சை மகேஷ்: அந்த 7 பவுனுக்கு எந்தச் சான்றிதழும் வாங்கவில்லை. கிளம்பும்போது யாரும் சொல்லவில்லை. கல்யாண போட்டோ இருக்கிறது, அப்போதைய நகைக்கடை பில் அம்மா வீட்டில் இருக்கலாம்.

மண்ணடி கண்ணன்: ஊரிலிருந்து கிளம்பும்போது கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே இருக்காது. இப்போது கல்யாண போட்டோவில் அதே வளையல், அதே தாலிக்கொடி தெரிகிற படங்களாகப் பிரிண்ட் போட்டு வையுங்கள். அம்மாவிடம் சொல்லி அந்த பில்லைத் தேடி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேய்ந்த நகை, ஊர்க் கடை முத்திரை இருந்தால் அதுவே பேசும். ரெட் சேனலில் முதலில் இந்த 7 பவுனைத் தனியாக எடுத்துவைத்து "இது இங்கிருந்து போனது" என்று சொல்லுங்கள், புது நகையோடு கலக்காதீர்கள். அதிகாரி ஏற்றுக்கொள்வாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஏற்காவிட்டால் மனைவியின் 40 கிராமில் அது புகுந்து, நான் போட்ட பிரிவு முழுக்கக் குலையும்.

இளவரசி: பார்த்தீர்களா, சொந்தத் தாலிக்கு ஒரு பெண் சாட்சி தேட வேண்டியிருக்கிறது. இதுதான் எனக்குக் கோபம். விதியை மாற்றியபோது ரூபாய் வரம்பை எடுத்தவர்கள், பழைய நகைக்கும் தெளிவாக ஒரு விதி எழுதியிருக்கலாம்.

கீழக்கரை ஜமால்: அதுல நானும் உங்க பக்கம்தான்மா. தம்பி, ஒன்னு மட்டும் கேளுங்க. ஏர்போர்ட்ல யாராவது "அண்ணே, இந்தப் பொட்டலத்தை எங்க வீட்ல கொடுத்துடுங்க"ன்னு வந்தா வாங்காதீங்க. குருவி வேலை பார்க்கிறவங்க குடும்பஸ்தனைத்தான் தேடுவாங்க. உங்க நகைக்கு நீங்க வரி கட்டிட்டு நிக்கிற நேரத்துல அது கையில இருந்தா கதை வேற.

புதுக்கோட்டை செல்வி: கண்ணன் அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். மகேஷ் மனைவி இரண்டு மூன்று மாதம் தள்ளி வந்தால் அவருக்கும் 6 சதவீதம் கிடைக்குமா?

மண்ணடி கண்ணன்: மார்ச் மாதம் திரும்பியவர் செப்டம்பருக்குப் பிறகு வந்தால் ஆறு மாதம் நிறையும், அப்போது கிடைக்கும். ஆனால் விசா ரத்தாகிற தேதியும் வாடகையும் பார்க்க வேண்டும். மகேஷ் பெயரில் கொண்டுவர வழி இருக்கும்போது அதற்காகத் தங்க வேண்டியதில்லை.

தஞ்சை மகேஷ்: ரெட் சேனலில்தான் வருவோம் என்று முடிவு செய்துவிட்டோம். கஸ்டம்ஸின் `ATITHI` ஆப்பில் முன்கூட்டியே பதிந்துவிடுகிறேன். நகையை எடை போட்டு, பில் எண்ணோடு இரண்டு பட்டியல் எழுதுகிறேன், ஒன்று பழையது, ஒன்று புதியது. 80 கிராமை என் பெயரில் பிரிப்பதில் மட்டும் மனைவிக்குச் சங்கடம், "என் நகையை உங்க நகைன்னு சொல்லணுமா" என்கிறார்.

மண்ணடி கண்ணன்: பணம் கட்டியது நீங்கள், பில் உங்கள் பெயரில், கொண்டுவருவதும் நீங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் அது வேலை செய்ய அந்த நகை உங்கள் பையில் இருக்க வேண்டும், அவர் கழுத்தில் இருக்கக் கூடாது. அவருக்குச் சம்மதமில்லை என்றால் செப்டம்பர்தான்.