புதுப்பிப்பு: தங்கை கறுத்துப்போனதற்குக் காரணம் தெரிந்தது

என் பழைய கேள்வி: “தங்கைக்கு நாலு மாசமா அசதி, எடை குறையுது. வெயில்ல போகாமலே கறுக்கிறா, ஊறுகாய் உப்பை வழிச்சுத் தின்கிறா. என்னவா இருக்கும்?”

அடிசன் நோய். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, கார்டிசால் என்ற ஹார்மோனைப் போதுமான அளவு சுரக்காத நிலை. ஈறைப் பாருங்கள் என்று எழுதிய செவிலியர் அக்காவுக்கு நன்றி. டார்ச் அடித்துப் பார்த்தேன். மை தடவினாற்போல் திட்டுகள். உள்ளங்கை ரேகைகளும் கறுத்திருந்தன. காலை 8 மணி கார்டிசால் வெறும் 2, அதைத் தூண்டும் ஏசிடிஎச் எக்கச்சக்கம். சோடியம் 126. உப்பெல்லாம் சிறுநீரில் போயிருக்கிறது, அதனால்தான் ஊறுகாய்.

தைராய்டு என்றவர் பாதி சரி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் 8, கொஞ்சம் அதிகம். ஆனால் அதற்கு இப்போது மாத்திரை வேண்டாம் என்றார் மருத்துவர். கார்டிசாலைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையான தைராக்சின் கொடுத்தால், மிச்சமிருக்கும் கார்டிசாலும் வேகமாகச் செலவாகி ரத்த அழுத்தம் விழுந்துவிடுமாம். கார்டிசாலுக்குப் பதிலாகத் தரும் ஹைட்ரோகார்டிசோனிலேயே டிஎஸ்எச் இறங்கலாம். ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும்.

தன் சித்தப்பாவுக்குக் காசநோயால் இதே நிலை வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஸ்கேனில் அட்ரீனல் சுருங்கியிருந்தது, சுண்ணாம்புப் படிவு இல்லை. அட்ரீனலைத் தாக்கும் எதிர்ப்பொருளுக்கான ரத்தச் சோதனையும் பாசிட்டிவ். உடம்பே தன் சுரப்பியை அழித்திருக்கிறது.

நிறம் மாற க்ரீம் கேட்டவருக்கு: இதற்குக் க்ரீம் உதவாது. தோலைக் கறுக்க வைப்பதே மிகையான ஏசிடிஎச்தான், அது இறங்க இறங்கத்தான் மங்கும்.

இப்போது ஹைட்ரோகார்டிசோன் காலை 10, மதியம் 5, மாலை 5 மில்லிகிராம், கூடவே உடம்பில் உப்பைத் தக்கவைக்க ஃப்ளூட்ரோகார்டிசோன் 0.1. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை இரட்டிப்பாக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசியை அவள் கைப்பையில் வைத்துவிட்டேன், போடவும் பழகிக்கொண்டிருக்கிறேன்.